மாகாணத்துக்கு அதிகாரம் போனால் சிறுபான்மைக்கு என்ன ஆகும்?

கேள்வி: ஒப்பீட்டு அரசியல் பாடத்துக்குக் கூட்டாட்சி பற்றிக் கட்டுரை எழுதுகிறேன். அதிகாரத்தை மத்திக்கும் மாகாணங்களுக்கும் பிரித்துக் கொடுத்தால் சிறுபான்மையினரின் உரிமை கூடுமா, குறையுமா? படிக்கப் படிக்க இரண்டு பக்கமும் நியாயமாகத் தெரிகிறது. எந்த நாட்டை வைத்து எப்படி வாதிடுவது?

பதில்:

இரண்டும் நடக்கும், அதுவும் ஒரே அரசியலமைப்பின் கீழ், ஒரே காலத்தில். அதனால்தான் உங்களுக்கு இரண்டு பக்கமும் நியாயமாகத் தெரிகிறது.

கூட்டாட்சி நேரடியாக யாருக்கும் உரிமை கொடுப்பதில்லை. ஒரு விஷயத்தில் முடிவெடுக்கும் இடத்தை மாற்றுகிறது, அவ்வளவுதான். நாடு முழுக்கக் கணக்குப் பார்த்தால் சிறுபான்மையாக இருக்கும் ஒரு கூட்டம் ஒரு பகுதியில் திரண்டு வாழ்ந்தால், அந்தப் பகுதியை ஒரு மாகாணமாக்கிப் பள்ளிக்கூடத்தையும் உள்ளூர்ச் சட்டத்தையும் அதன் கையில் கொடுத்ததும், அந்தக் கூட்டம் அங்கே பெரும்பான்மை ஆகிவிடுகிறது. லாபம் இது. ஆனால் ஒரே கூட்டத்தார் மட்டும் உள்ளே விழும்படி எவராலும் எல்லைக்கோடு போட முடியாது. கோட்டுக்குள் சிக்கிய மற்றவர்கள் புதிய சிறுபான்மை. கோட்டுக்கு வெளியே நின்றுபோன சொந்தக்காரர்கள் இன்னொரு புதிய சிறுபான்மை. இந்த இரண்டு கூட்டத்துக்கும் என்ன ஆகிறது என்று பார்த்தால்தான் விடை கிடைக்கும்.

இதற்குக் கனடாவை எடுத்துக்கொள்ளுங்கள் என்பேன். வேறு வேறு நாடுகளை ஒப்பிட்டால் வரலாறு, பணவளம், நீதிமன்றம் எல்லாமே மாறும். எதனால் எது நடந்தது என்று பிரித்துச் சொல்வது கஷ்டம். கனடாவில் ஒரே அரசியலமைப்பு, ஒரே உச்ச நீதிமன்றம், கல்வி என்ற ஒரே அதிகாரம். ஆனால் கியூபெக் மாகாணத்தில் பிரெஞ்சு பேசுவோர் பெரும்பான்மை, ஆங்கிலம் பேசுவோர் சிறுபான்மை; மேனிட்டோபாவில் அப்படியே தலைகீழ்.

1867-க்கு முன்னால் இன்றைய ஒன்ராறியோவும் கியூபெக்கும் ஒரே சட்டசபையின் கீழ் இருந்தன. புதிய நாட்டை அமைத்தபோது ஜான் மெக்டொனால்டு போன்ற தலைவர்கள் ஒற்றை நாடாளுமன்றத்தைத்தான் விரும்பினார்கள். கியூபெக் ஒப்புக்கொள்ளாது என்று தெரிந்ததால்தான் கூட்டாட்சிக்கு வந்தார்கள். சொத்துரிமை, குடிமைச் சட்டம், கல்வி ஆகியவை மாகாணங்களுக்குப் போயின. பிரெஞ்சுக்காரர்களுக்குச் சொந்தமாக ஒரு சட்டசபை கிடைத்தது.

அந்த நொடியே கியூபெக்கில் இருந்த ஆங்கிலேயப் புராட்டஸ்டன்டுகளுக்குப் பயம் வந்தது. அவர்கள் எண்ணிக்கையில் குறைவு, ஆனால் மொன்ட்ரியாலின் வணிகம் பெரும்பாலும் அவர்கள் கையில். அலெக்ஸாண்டர் கால்ட் என்ற தலைவர் அவர்களுக்காகப் பேரம் பேசினார். பலன் 1867 அரசியலமைப்புச் சட்டத்தின் மூன்று பிரிவுகளில் தெரியும். 93-வது பிரிவு, இணைப்பின்போது சட்டப்படி இருந்த மதப்பிரிவுப் பள்ளிகளின் உரிமையை மாகாணம் குறைக்கக் கூடாது என்றது. குறைத்தால் மத்திய அரசிடம் முறையிடலாம், நாடாளுமன்றம் பரிகாரச் சட்டமே போடலாம். 133-வது பிரிவு கியூபெக் சட்டசபையிலும் நீதிமன்றங்களிலும் ஆங்கிலத்துக்கு இடம் உறுதி செய்தது. 80-வது பிரிவு, ஆங்கிலேயர் செறிந்திருந்த பன்னிரண்டு தொகுதிகளின் எல்லையை அந்தத் தொகுதி உறுப்பினர்களில் பெரும்பான்மையோர் சம்மதமில்லாமல் மாற்றக் கூடாது என்றது. ஒரு மாகாணச் சிறுபான்மைக்கு இதைவிடத் தடிமனான கவசம் கிடைப்பது அபூர்வம்.

எதிர்ப்பக்கத்தைப் பாருங்கள். ஒன்ராறியோவில் இருந்த பிரெஞ்சுக்காரர்களுக்குக் கத்தோலிக்கப் பள்ளிக்கான பாதுகாப்பு மட்டுமே, மொழிக்கு எதுவும் இல்லை. 1912-இல் ஒன்ராறியோ அரசு 17-ஆம் ஒழுங்குவிதி என்ற ஆணையின் மூலம் பிரெஞ்சில் பாடம் நடத்துவதைத் தொடக்கத்தில் முதல் இரண்டு ஆண்டுகளோடு நிறுத்தியது. அப்போது கனடாவுக்கும் கடைசி மேல்முறையீட்டு மன்றமாக லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் வரை வழக்கு போனது. 93-வது பிரிவு மதத்தைத்தான் காக்கிறது, மொழியை அல்ல என்று 1916-இல் தீர்ப்பு வந்தது. ஒரே கூட்டாட்சி, ஒரே கல்வி அதிகாரம். பேரம் பேசும் வலு இருந்தவர்களுக்குக் கவசம், இல்லாதவர்களுக்கு ஓட்டை.

சரி, மேனிட்டோபாவுக்கு வருவோம். கட்டுரையின் நடுப்பகுதியை இதற்கே ஒதுக்கலாம்.

பழங்குடியினரும் ஐரோப்பியரும் கலந்த வம்சாவளியினரான மெட்டிஸ் மக்கள் லூயி ரியல் தலைமையில் கிளர்ந்தெழுந்து, மத்திய அரசோடு நடத்திய பேச்சுவார்த்தையின் விளைவாக 1870-இல் அந்த மாகாணம் பிறந்தது. அப்போது அங்கே பிரெஞ்சு பேசுவோரும் ஆங்கிலம் பேசுவோரும் ஏறத்தாழ சரிபாதி. அதனால் மேனிட்டோபா சட்டத்தின் 23-வது பிரிவு சட்டசபையிலும் நீதிமன்றத்திலும் இரண்டு மொழிகளையும் வைத்தது. சட்டங்கள் இரண்டிலும் அச்சாக வேண்டும். 22-வது பிரிவு மதப்பிரிவுப் பள்ளிகளைக் காத்தது. 1867-இல் ‘சட்டப்படி’ இருந்த உரிமை என்று எழுதியதில் ஓட்டை இருப்பது தெரிந்து, இங்கே ‘சட்டப்படியோ நடைமுறைப்படியோ’ என்று சேர்த்தே எழுதினார்கள். காகிதத்தில் குறை எதுவும் இல்லை.

அடுத்த இருபது ஆண்டுகளில் ஒன்ராறியோவில் இருந்து குடியேறியவர்கள் வந்து குவிந்தார்கள். பிரெஞ்சு பேசுவோர் பாதியில் இருந்து சிறிய பங்காகச் சுருங்கினார்கள். 1890-இல் மாகாண முதல்வர் கிரீன்வேயின் அரசு இரண்டு சட்டங்களைப் போட்டது. ஒன்று, மாகாணத்தின் அதிகார மொழி ஆங்கிலம் மட்டும். இன்னொன்று, அரசுப் பணம் பொதுப் பள்ளிகளுக்கு மட்டும். கத்தோலிக்கர் தங்கள் பள்ளியை நடத்திக்கொள்ளலாம், ஆனால் பொதுப் பள்ளிக்கான வரியையும் கட்ட வேண்டும்.

கத்தோலிக்கர் முதலில் நீதிமன்றத்துக்குப் போனார்கள். கனடா உச்ச நீதிமன்றம் 1891-இல் அவர்கள் பக்கம் நின்றது. 1892-இல் பிரிவி கவுன்சில் அதைப் புரட்டிப் போட்டது. உங்கள் பள்ளியை யாரும் மூடவில்லையே, சொந்தச் செலவில் நடத்தும் உரிமை அப்படியே இருக்கிறதே என்பது அதன் வாதம். ‘நடைமுறைப்படி’ என்று பார்த்துப் பார்த்துச் சேர்த்த சொல் இப்படிக் கரைந்தது.

அடுத்து மத்திய அரசு. பரிகாரம் செய்யும் அதிகாரம் மத்தியிடம் இருக்கிறது என்று 1895-இல் அதே பிரிவி கவுன்சில் சொன்னது. மத்திய அரசு பள்ளிகளைத் திரும்பக் கொடு என்று உத்தரவிட்டது, மாகாணம் மறுத்தது. 1896-இல் பரிகார மசோதா நாடாளுமன்றத்துக்கு வந்தது. எதிர்த்தவர்கள் பேசிப் பேசியே காலத்தைக் கடத்த, நாடாளுமன்றத்தின் ஆயுள் முடிந்து மசோதா செத்தது.

அப்புறம் வந்த தேர்தலில் வென்று பிரதமரானவர் வில்ஃப்ரிட் லோரியே. பிரெஞ்சு பேசும் கத்தோலிக்கர். கியூபெக்கே அவருக்கு அள்ளிக் கொடுத்தது. அவர்தான் பரிகார மசோதாவை எதிர்த்தவர்! மாகாணத்தை மிரட்டுவதைவிடப் பேசித் தீர்ப்பதே நல்லது என்றார். 1896 இறுதியில் கிரீன்வேயுடன் உடன்பாடு செய்தார். பள்ளி நாளின் கடைசி அரைமணி நேரம் மதபோதனைக்கு. ஒரு பள்ளியில் பத்து மாணவர்கள் பிரெஞ்சோ ஆங்கிலமல்லாத வேறொரு மொழியோ பேசினால் இருமொழிக் கல்வி. தனிப் பள்ளிகள் திரும்ப வரவில்லை. அந்த இருமொழி ஏற்பாட்டையும் 1916-இல் மாகாணம் ரத்து செய்தது.

கியூபெக் ஏன் இதைச் சகித்தது? மத வெறுப்பு, கட்சி அரசியல் என்று பலரும் காரணம் சொல்வார்கள்; அவையும் உண்டு. என் கணிப்பில் கனமான காரணம் வேறு. மாகாணத்தின் கல்வியில் மத்திய அரசு கைவைக்கலாம் என்ற வழக்கம் இன்று மேனிட்டோபாவுக்கு எதிராக நிலைபெற்றால், நாளை அதே கை கியூபெக்கின் மேல் விழும். கியூபெக்கின் பிரெஞ்சுக்காரர்களுக்கு மாகாணத் தன்னாட்சிதான் அரண். வெளியே சிதறிய சொந்தக்காரர்களைக் காப்பாற்ற அந்த அரணில் அவர்களே ஓட்டை போட வேண்டும். நாடளவில் சிறுபான்மை, மாகாணத்தில் பெரும்பான்மை என்று இரட்டை நிலையில் இருக்கும் எந்தக் கூட்டத்துக்கும் இந்தச் சிக்கல் வரும். பழைய கதை என்று நினைக்க வேண்டாம். யூகான் பிரதேசத்தின் பிரெஞ்சுப் பள்ளி வாரியம் கூடுதல் அதிகாரம் கேட்ட வழக்கு 2015-இல் உச்ச நீதிமன்றத்தில் வந்தபோது, கியூபெக் அரசு யூகான் அரசின் பக்கம் நின்றது. அங்கே ஜெயித்தால் அதே தீர்ப்பைக் கியூபெக்கின் ஆங்கிலப் பள்ளிகள் தூக்கிக்கொண்டு வரும் என்பதுதான் அச்சம்.

1890-இன் மொழிச் சட்டத்தின் கதி இன்னும் விசித்திரம். 1892-இலும் 1909-இலும் மாகாணத்தின் கீழ் நீதிமன்றங்கள் அது செல்லாது என்றே தீர்ப்பு சொல்லின. அரசு அந்தத் தீர்ப்புகளைக் கண்டுகொள்ளவே இல்லை. 1976-இல் ஜார்ஜ் ஃபொரே என்பவருக்கு ஆங்கிலத்தில் மட்டும் ஒரு பார்க்கிங் அபராதச் சீட்டு வந்தது. அதைப் பிடித்துக்கொண்டு அவர் உச்ச நீதிமன்றம் வரை போனார். 1979 டிசம்பரில் 1890 சட்டம் செல்லாது என்று தீர்ப்பு. அதே நாளில், கியூபெக் சட்டசபை சட்டங்களைப் பிரெஞ்சில் மட்டும் இயற்றலாம் என்ற ஏற்பாடும் செல்லாது என்று அதே நீதிமன்றம் சொன்னது. ஒரு கையால் மேனிட்டோபாவின் பிரெஞ்சுக்காரருக்கு, மறு கையால் கியூபெக்கின் ஆங்கிலேயருக்கு.

இதில் காலத்தைக் கவனியுங்கள். கியூபெக் ஏற்பாடு இரண்டே ஆண்டில் விழுந்தது. மேனிட்டோபா ஏற்பாடு விழ 89 ஆண்டுகள். இரண்டுக்கும் பாதுகாப்புப் பிரிவு ஒரே மாதிரிதான் இருந்தது. பணமும் வழக்கறிஞரும் பத்திரிகையும் உடைய சிறுபான்மைக்கு ஒரு பிரிவு கருவி, இல்லாத சிறுபான்மைக்கு அதே பிரிவு வெறும் காகிதம். இந்த வித்தியாசத்தை அதிகாரப் பகிர்வுப் பட்டியலில் தேடினால் கிடைக்காது.

தீர்ப்புக்குப் பிறகும் மேனிட்டோபா அசையவில்லை. பேசித் தீர்க்க 1983, 1984-இல் மாகாண அரசு ஒரு திருத்தம் கொண்டுவந்தது. வாக்கெடுப்புக்கு மணி அடித்தும் எதிர்க்கட்சியினர் அவைக்குள் வராமல் இருந்தே அதைச் சாகடித்தார்கள். கடைசியில் 1985-இல் உச்ச நீதிமன்றம் மாகாணம் ஆங்கிலத்தில் மட்டும் இயற்றிய எல்லாச் சட்டங்களும் செல்லாது என்றது. அப்படியே விட்டால் மாகாணத்தில் சட்டமே இல்லாமல் போகும். அதனால் மொழிபெயர்த்து மறுபடி இயற்றத் தேவையான குறைந்தபட்சக் காலத்துக்கு மட்டும் அவை தற்காலிகமாகச் செல்லும் என்று வைத்தது. தீர்ப்பு அருமை. ஆனால் 1890-இல் பள்ளி இழந்த குழந்தைகளின் பேரப்பிள்ளைகள் வீட்டிலேயே ஆங்கிலம் பேசத் தொடங்கிய பிறகு வந்த தீர்ப்பு அது. கியூபெக்குக்கு வெளியே பிரெஞ்சைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் 1951-இல் சுமார் 7 சதவீதம். இன்று சுமார் 3 சதவீதம்.

இனிக் கியூபெக். 1977-இல் வந்த 101-ஆம் சட்டம், பெற்றோர் கியூபெக்கிலேயே ஆங்கிலத் தொடக்கப் பள்ளியில் படித்திருந்தால்தான் பிள்ளைக்கு அரசு உதவி பெறும் ஆங்கிலப் பள்ளி என்றது. குடியேறுகிறவர்கள் எல்லாரும் ஆங்கிலப் பக்கம் சாய்ந்தால், வட அமெரிக்காவில் கடலளவு ஆங்கிலத்துக்கு நடுவே இருக்கும் பிரெஞ்சு தாங்காது என்பது அவர்களின் வாதம். அதில் உண்மை இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒன்ராறியோவில் ஆங்கிலத்தில் படித்துவிட்டுக் கியூபெக்குக்குக் குடிவந்தவருக்கும் கதவு அடைபட்டது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டோர் 1971-இல் மாகாணத்தில் சுமார் 13 சதவீதம். 2001-இல் சுமார் 8. எல்லாரும் சட்டத்துக்குப் பயந்து போனவர்கள் அல்ல, தொழில்களும் டொரொன்டோவுக்கு நகர்ந்தன. சட்டத்துக்கும் இதில் பங்கு உண்டு.

1982-இல் கனடா உரிமைச் சாசனம் வந்தது. அதன் 23-வது பிரிவு கனடாவில் எங்கே ஆங்கிலத் தொடக்கப் பள்ளியில் படித்திருந்தாலும் கியூபெக்கில் தன் பிள்ளைக்கு ஆங்கிலப் பள்ளி கேட்கலாம் என்றது. மற்ற மாகாணங்களில் பிரெஞ்சுக்கும் அப்படியே. 1984-இல் உச்ச நீதிமன்றம் கியூபெக்கின் குறுகிய விதியை அடித்தது. கியூபெக்கின் குடியேற்றக் கவலைக்கும் சாசனம் இடம் விட்டிருந்தது: ஆங்கிலம் தாய்மொழி என்ற ஒரே காரணத்துக்காக ஆங்கிலப் பள்ளி கேட்கும் உரிமை கியூபெக்கில் நடைமுறைக்கு வரவில்லை, இன்றும் வரவில்லை.

சாசனத்தின் 33-வது பிரிவு இங்கே முக்கியம். ஒரு சட்டசபை, ‘இந்தச் சட்டம் சாசனத்தின் சில பிரிவுகளை மீறினாலும் செல்லும்’ என்று அறிவித்துக்கொள்ளலாம். ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கலாம். பேச்சுரிமை, மத உரிமை, சமத்துவம் எல்லாம் இதில் அடிபடும். ஆனால் மொழிவழிப் பள்ளி உரிமையை இந்தப் பிரிவால் தொட முடியாது. விளைவை 1988-இல் பார்க்கலாம். கடைப் பலகையில் பிரெஞ்சு மட்டுமே இருக்கலாம் என்ற விதி பேச்சுரிமைக்கு விரோதம் என்று உச்ச நீதிமன்றம் சொன்ன சில நாட்களில், முதல்வர் ரொபேர் பூராசா 33-வது பிரிவைத் துணைக்கு அழைத்து, வெளிப் பலகையில் பிரெஞ்சு மட்டும் என்று புதுச் சட்டம் போட்டார். உடனே மேனிட்டோபா முதல்வர் ஃபில்மன், கியூபெக்குக்குத் தனி அடையாளம் தரும் அரசியலமைப்புத் திருத்தமான மீச் ஏரி உடன்பாட்டைத் தன் சட்டசபையில் இருந்து திரும்பப் பெற்றார். ஒரு மாகாணம் தன் சிறுபான்மையை நடத்தும் விதம், இன்னொரு மாகாணத்தில் பேரச் சீட்டாகிறது. பள்ளி விஷயத்தில் மட்டும் கியூபெக்கால் இப்படி விலகிப் போக முடியவில்லை, ஏனென்றால் அந்தக் கதவு முன்கூட்டியே பூட்டியிருந்தது.

பலகை விவகாரம் ஐ.நா. மனித உரிமைக் குழு வரை போனது. 1993-இல் குழு பேச்சுரிமை மீறல் நடந்தது என்றது. ஆனால் குடிமை, அரசியல் உரிமைகளுக்கான சர்வதேச உடன்படிக்கையில் மொழிச் சிறுபான்மையினரைக் காக்கும் 27-வது உறுப்பைக் கியூபெக் ஆங்கிலேயர் கேட்க முடியாது என்றது. நாட்டளவில் அவர்கள் பெரும்பான்மை, ஒரு மாகாணத்தில் குறைவாக இருப்பதால் சிறுபான்மை ஆகிவிட மாட்டார்கள் என்பது காரணம். குழுவுக்குள்ளேயே சிலர் இதை ஏற்கவில்லை. இதற்கு நேர் எதிராக இந்திய உச்ச நீதிமன்றம் 2002-இல் டி.எம்.ஏ. பாய் வழக்கில், கல்வி நிறுவனம் நடத்தும் உரிமைக்காக யார் சிறுபான்மை என்பதை மாநிலத்தை வைத்தே எண்ண வேண்டும் என்றது. எந்த மட்டத்தில் அதிகாரம் இருக்கிறதோ அந்த மட்டத்தில்தான் தலையை எண்ண வேண்டும் என்பது என் கட்சி. கல்வியை மாகாணம் தீர்மானிக்கும்போது ஒட்டாவாவில் தன் மொழிக்காரர் நிறைய பேர் இருக்கிறார்கள் என்பதில் மொன்ட்ரியால் தாய்க்கு என்ன பயன்?

சிறுபான்மைக்கு உண்மையில் பயன்பட்டது எது என்று கேட்டால், நான் 1990-இல் வந்த மாஹே வழக்கைக் காட்டுவேன். ஆல்பர்ட்டா மாகாணத்தின் எட்மன்டனில் சில பிரெஞ்சுப் பெற்றோர் போட்ட வழக்கு. பள்ளி கொடுத்தால் மட்டும் போதாது, எண்ணிக்கை இடம் கொடுத்தால் அந்தப் பள்ளியின் நிர்வாகமும் சிறுபான்மைப் பெற்றோர் கையில் இருக்க வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. ஆசிரியர் நியமனம், பாடத்திட்டம், மொழிக்கென ஒதுக்கிய பணத்தின் செலவு எல்லாம் இதில் சேரும். இதன் பிறகே மேனிட்டோபாவில் 1994-இல் பிரெஞ்சுப் பள்ளிகளுக்கென ஒரே வாரியம் அமைந்தது. மத்தி, மாகாணம் என்ற இரண்டு அடுக்கின் கீழே, நிலப்பரப்பை வைத்து இல்லாமல் மொழியை வைத்து மூன்றாவது அடுக்கு ஒன்று வந்திருக்கிறது பாருங்கள். கூட்டாட்சி செய்த வேலையையே இது இன்னொரு படி இறங்கிச் செய்கிறது. சிறுபான்மையை மாகாணப் பெரும்பான்மையின் நல்லெண்ணத்துக்கு விடாமல், ஒரு சின்ன விஷயத்தில் முடிவெடுக்கும் இடத்தை அவர்களிடமே கொடுக்கிறது.

கோட்டையே மாற்றிப் போட்டால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். சுவிட்சர்லாந்து அதைச் செய்து பார்த்தது. பிரெஞ்சு பேசும் ஜூரா பகுதியை 1815-இல் வியன்னா மாநாடு, ஜெர்மன் பேசும் பெர்ன் கேன்டனோடு, அதாவது மாகாணத்தோடு, சேர்த்துவிட்டது. 1947-இல் ஜூராவைச் சேர்ந்த அமைச்சர் ஒருவருக்குப் பொதுப்பணித் துறையைப் பெர்ன் சட்டசபை மறுத்தது. இவ்வளவு முக்கியமான துறையைப் பிரெஞ்சுக்காரரிடம் கொடுக்க முடியாது என்ற பேச்சு எழுந்தது. அதில் இருந்து பிரிவினைக் கோரிக்கை வலுத்தது. பெர்ன் அடுக்கடுக்கான வாக்கெடுப்புக்கு வழி செய்தது. 1974 ஜூனில் மொத்தப் பகுதியும் வாக்களித்துக் குறைந்த வித்தியாசத்தில் தனிக் கேன்டன் வேண்டும் என்றது. 1975 மார்ச்சில் தெற்கு மாவட்டங்கள் தனியாக வாக்களித்துப் பெர்னிலேயே இருப்போம் என்றன. அதன் பிறகு எல்லையோரக் கிராமங்களும் ஊர்களும் ஒவ்வொன்றாக வாக்களித்தன. 1979-இல் ஜூரா கேன்டன் பிறந்தது, வடக்குப் பகுதியோடு மட்டும்.

தெற்கிலும் பிரெஞ்சுதான் பேசினார்கள், ஆனால் அவர்கள் புராட்டஸ்டன்டுகள், வடக்கு கத்தோலிக்கம். மொழியின் பேரில் கேட்ட மாகாணத்தில் தாங்கள் மதச் சிறுபான்மை ஆவோம் என்று அவர்கள் கணக்குப் போட்டார்கள். பெர்னில் மொழிச் சிறுபான்மையாக இருப்பதே மேல் என்று முடிவு செய்தார்கள். பதிலுக்கு ஏழு பேர் கொண்ட பெர்ன் அமைச்சரவையில் அவர்களுக்கு ஓர் இடம் உறுதி, சட்டசபையில் பன்னிரண்டு இடம். இதைப் படித்தபோது எனக்குத் தோன்றியது: ‘ஒரு மக்கள், ஒரு மாகாணம்’ என்று பேசுகிறவர்கள், எந்த அடையாளத்தை வைத்துக் கோடு போடுகிறோம் என்பதைக் கேட்காமலே விடுகிறார்கள்.

மூத்தியே என்ற ஊர் 1975-இல் பெர்னில் தங்கியது. 2017-இல் 137 வாக்கு வித்தியாசத்தில் ஜூராவுக்குப் போக முடிவு செய்தது. முறைகேடு என்று அந்த வாக்கெடுப்பு ரத்தானது. 2021 மார்ச்சில் மறுபடி வாக்கெடுப்பு: 2,114-க்கு 1,740. 2026 ஜனவரி 1 முதல் அந்த ஊர் ஜூராவில் இருக்கிறது. 1,740 பேருக்கு மட்டும் பெர்ன் தொடர வழி எதுவும் இல்லை. எல்லையை எவ்வளவு நுணுக்கமாகப் போட்டாலும் மிச்சம் குறையும், தீராது. இப்படி ஊர் ஊராகக் கேட்பதற்கும் பொறுமையான, பணக்கார, ஆயுதம் எடுக்காத அரசியல் வேண்டும். எல்லா நாட்டுக்கும் இதை மருந்தாக எழுதிக் கொடுக்க முடியாது.

இவ்வளவும் திரண்டு வாழும் கூட்டத்துக்கு. சிதறி வாழ்கிறவர்களுக்கு எந்த எல்லைக்கோடும் பெரும்பான்மை தராது. கியூபெக் 2019-இல் 21-ஆம் சட்டம் போட்டு, அரசுப் பள்ளி ஆசிரியர், காவலர், அரசு வழக்கறிஞர் போன்றோர் பணியில் மதச் சின்னம் அணியத் தடை விதித்தது. முன்கூட்டியே 33-வது பிரிவையும் சேர்த்துக்கொண்டது. முக்காடு அணியும் முஸ்லிம் ஆசிரியைகள்தான் முதலில் அடிபட்டார்கள். அவர்கள் எந்த மாகாணத்திலும் பெரும்பான்மை அல்ல, பள்ளி உரிமை போல் பூட்டிய பிரிவும் அவர்களுக்கு இல்லை. இப்படிப்பட்டவர்களுக்கு மாகாணத் தன்னாட்சி கூடக் கூட ஆபத்தும் கூடுகிறது. அவர்களின் நம்பிக்கை மாகாணத்துக்கு மேலே இருக்கும் நீதிமன்றத்தின் மேல்தான்.

அதற்காக மத்தி எப்போதும் காவலன் என்றும் எழுதிவிடாதீர்கள். கனடாவில் பழங்குடியினர் 1867 முதலே மத்தியின் பொறுப்பு. குழந்தைகளைப் பெற்றோரிடம் இருந்து பிரித்து அடைத்த விடுதிப் பள்ளிகளை நடத்தியது அதே மத்திய அரசின் கொள்கைதான். 1995 அக்டோபரில் கியூபெக் பிரிந்து போவதா என்று வாக்கெடுப்பு நடத்தியபோது, மாகாணத்தின் வடக்கே இருக்கும் க்ரீ மக்கள் சில நாள் முன்னதாகத் தாங்களே ஒரு வாக்கெடுப்பு நடத்தினார்கள். சுமார் 96 சதவீதம் பேர் கியூபெக்கோடு போக மாட்டோம் என்றார்கள். மத்தியின் மேல் பாசத்தால் அல்ல. கனடாவில் இருந்து கியூபெக் பிரியலாம் என்றால் கியூபெக்கில் இருந்து நாங்களும் பிரியலாம் என்ற தர்க்கத்தை அவர்கள் மேசையில் வைத்தார்கள். 1998-இல் பிரிவினை பற்றிக் கருத்துச் சொன்ன உச்ச நீதிமன்றம், சிறுபான்மையினரின் பாதுகாப்பைக் கூட்டாட்சி, ஜனநாயகம், சட்டத்தின் ஆட்சி ஆகியவற்றுக்குச் சமமான அடிப்படைக் கோட்பாடாக வைத்தது.

கட்டுரைக்கு ஒரு யோசனை. நாடுகளின் பட்டியலாக எழுத வேண்டாம். 1890 மேனிட்டோபாவையும் 1977 கியூபெக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரே அதிகாரம் ஏன் இரண்டு வேகத்தில் திருத்தப்பட்டது என்பதை மட்டும் விளக்குங்கள். ஜூராவை ஒரு பத்தியில் எல்லைக்கோட்டுக்கான சோதனையாகச் சேர்க்கலாம். ‘கியூபெக் ஆங்கிலேயர் ஒரு கண்டத்தின் பெரும்பான்மை, அவர்களை மேனிட்டோபா பிரெஞ்சுக்காரரோடு ஒப்பிடுவதே தவறு’ என்று ஆசிரியர் மறுக்கக்கூடும். நியாயமான மறுப்புதான். அவர்களிடம் பணமும் பத்திரிகையும் இருந்தது உங்கள் விளக்கத்திலேயே ஒரு காரணம் என்று அங்கேயே சொல்லிவிடுங்கள், மறுப்பு வாதத்துக்குள் வந்துவிடும்.